டபுள் டியூட்டி முடித்த நர்ஸிடம் என்ன சொல்லலாம்?

மதியம் 1 மணிக்கு வந்தவர், இரவு ஆள் வராததால் மறுநாள் காலை 7 மணி வரை நிற்கிறார். மொத்தம் 18 மணி நேரம். அவரிடமிருந்து வார்டை வாங்கிக்கொள்ள வருகிறீர்கள். "நீங்க தெய்வம் சிஸ்டர்", "எப்பவும் சிரிச்ச முகமா இருக்கணும்" போன்ற பேச்சு அந்த நேரத்தில் எடுபடாது. தெய்வத்துக்குக் கால் வலிக்காது, இவருக்கு வலிக்கிறது. "பரவால்ல சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்காமல் பையை எடுக்கிறார் என்றால், நீங்கள் சொன்னது அவரைத் தொடவில்லை. அவரைத் தொடும் சொற்கள் சில உண்டு.

முதலில் ஓவர், பிறகு பாராட்டு

ஓவர் கொடுக்கும்போது அவர் மனம் ஒவ்வொரு பெட்டாக நகர்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஆறுதல் சொன்னால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். முழுவதும் கேட்டு, பாக்கி வேலைகளைத் திரும்பச் சொல்லுங்கள்: "6-ஆம் பெட்டுக்கு பிளட் ரிப்போர்ட் வரணும், 11-க்கு 8 மணி ஆன்டிபயாட்டிக் பாக்கி. எழுதிக்கிட்டேன்." பலருக்கு வீட்டில் படுத்த பிறகுதான் "அந்த ஊசியைப் போட்டேனா?" என்ற கேள்வி வந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை: "ஏதாவது ஞாபகம் வந்தா வார்டுக்கு ஒரு போன் பண்ணுங்க. நான் பார்த்துச் சொல்றேன்."

பார்த்ததைச் சொல்லுங்கள்

"சூப்பரா பண்ணீங்க" என்பதை யாரிடமும் சொல்லலாம். இவர் செய்ததைச் சொல்ல, கேஸ் ஷீட்டைப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம். 14-ஆம் பெட்டில் டெங்கு நோயாளி, காய்ச்சல் இறங்கிய நாள். அதிகாலை 3 மணிக்கு பிபி 100/84. மேல் எண்ணை மட்டும் பார்த்தால் பயமில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடைவெளி 16 தான். டெங்குவில் அது 20-க்குள் வந்தால், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஷாக் தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நர்ஸ் இன்னொரு முறை பிபி பார்த்தார், கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார், டியூட்டி டாக்டரை எழுப்பினார். டாக்டர் டிரிப்பைக் கூட்டினார். காலையில் பிபி 110/76.

அவரிடம் சொல்ல வேண்டியது இதுதான்: "3 மணிக்கு 14-ஆம் பெட் பிபியைத் திரும்பப் பார்த்திருக்கீங்க. மேல் நம்பரை மட்டும் பார்த்திருந்தா விட்டிருப்போம்." வேலை தெரிந்த ஒருவர் தன் வேலையைக் கவனித்திருக்கிறார் என்பது அவருக்குப் புரியும்.

உயிர் போன இரவில்

"எல்லாம் நல்லதுக்கே", "விதி" இரண்டும் வேண்டாம். "உங்களால ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்பதையும், அது உங்களுக்கு உறுதியாகத் தெரியாவிட்டால் சொல்லாதீர்கள். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: "அந்தப் பாட்டி தனியா போகலக்கா. நீங்க கையைப் பிடிச்சிட்டு இருந்தீங்க." அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் இருந்தால் போதும்.

இன்சார்ஜ் சிஸ்டர் சொல்ல வேண்டியது

"இனிமே டபுள் வராது" என்று உறுதி தராதீர்கள். அடுத்த வாரமே போட வேண்டி வந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதையும் அவர் நம்பமாட்டார். ரோஸ்டரைக் காட்டிச் சொல்லுங்கள்: "இன்னைக்கும் நாளைக்கும் ஆஃப் போட்டுட்டேன், பாருங்க." ஆஃப் தர வழியில்லை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்: "இந்த வாரம் ஆள் இல்லை. நீங்க நின்னதை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன்." எழுதிக் கொடுத்த பிறகுதான் இதைச் சொல்ல வேண்டும்.

வாசலில் கடைசி வார்த்தை

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தியாவில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 தான். முந்தின நாள் காலை எழுந்த இந்த நர்ஸ் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டார். "பார்த்துப் போங்க" என்பது போதாது. "ஸ்கூட்டி இங்கயே இருக்கட்டும். ஆட்டோ சொல்லிட்டேன், வீட்டுக்குப் போனதும் ஒரு மெசேஜ் போடுங்க" என்று சொல்லுங்கள்.

நாளைக் காலை ஓவர் வாங்கப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் இரவுச் சார்ட்டை ஒரு முறை புரட்டுங்கள். சொல்ல வேண்டியது அதில்தான் இருக்கும்.