பத்திரத்தில் இருக்கும் பெயர், வங்கியில் இல்லாத பெயர்

கேள்வி: வேலூரில் அலுவலக நாற்காலி, மேசை விற்கிறேன். காஞ்சிபுரம் பக்கம் ஒரு சிறிய பட்டறையில் 8 லட்சம் ரூபாய்க்கு இரும்பு ரேக் செய்யக் கேட்டிருக்கிறேன். 18 சதவீத ஜிஎஸ்டி 1,44,000 தனி. பாதி முன்பணம் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவுச் சான்றையும் மாநகராட்சித் தொழில் உரிமத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். தளத்தில் பார்த்தேன், Active என்றே காட்டுகிறது. பதிவு பட்டறைக்காரரின் மனைவி பெயரில் இருக்கிறது; பணம் போடச் சொல்வது பட்டறைக்காரர் கணக்கில். ரிட்டர்ன் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மாதாமாதம் இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. இப்போது ஜூலை முதல் வாரம். ஆர்டர் கொடுக்கலாமா?

பதில்: இந்த நிலையில் முன்பணம் போடாதீர்கள். ஆனால் ஆளை மோசடிக்காரர் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சிறிய பட்டறைகளில் பல, மனைவி பெயரில் ஓடுகிறவைதான்.

Active என்பது பதிவு ரத்தாகவில்லை என்று மட்டும் சொல்லும். வரி கட்டுகிறாரா என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் வரும் ரிட்டர்ன் பட்டியல்தான். நீங்கள் அதையும் பார்த்திருப்பது நல்லது. மாதாந்திரத் தாக்கல் என்றால் ஏப்ரல் மாத ஜிஎஸ்டிஆர்-3பி மே 20-க்குள்ளும், மே மாதத்தது ஜூன் 20-க்குள்ளும் வந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லை. முந்தைய 3பி நிலுவையில் இருந்தால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அதாவது உங்கள் பில் உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வராது. வராத பில்லுக்கு 1,44,000 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. தொடர்ந்து இரண்டு மாதம் நிலுவை என்றால் இ-வே பில்லும் முடங்கும், ரேக் பட்டறையிலேயே நிற்கும்.

ஒரு சாத்தியம் பாக்கி. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டுத் தாக்கலுக்கு மாறலாம். ஏப்ரலில் மாறியிருந்தால், தமிழ்நாட்டில் ஜூன் காலாண்டு 3பி-க்கு ஜூலை 22 வரை அவகாசம் உண்டு. அவரையே கேளுங்கள், தன் ஜிஎஸ்டி கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மாறவில்லை, 'ஆடிட்டர் ஊரில் இல்லை' என்று பதில் வந்தால், பாக்கியைக் கட்டிய பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். ஜிஎஸ்டி எண்ணின் தொடக்கத்தில் உள்ள 33 தமிழ்நாட்டைக் குறிக்கும். பின்வரும் பத்து எழுத்தும் எண்ணும் பதிவுதாரரின் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தில் P இருந்தால் தனிநபர், F இருந்தால் கூட்டு நிறுவனம், C இருந்தால் கம்பெனி. உங்களுக்கு வந்ததில் P இருந்தால் சட்டத்தின் கண்ணில் விற்பவர் அந்த அம்மாதான். விலைப்பட்டியல், ஆர்டர், பில், பணம் போகும் கணக்கு எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பணம் கணவர் கணக்குக்குப் போனால், பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் கொடுத்தாயிற்று என்று காட்டும்போது நீங்கள்தான் விளக்கம் எழுத வேண்டிவரும்.

தளத்தில் உள்ள தொழிலிட முகவரியும் உரிமத்தில் உள்ள கதவு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். பதிவு முகவரியில் பூட்டிய வீடு இருந்து, வெல்டிங் வேறிடத்தில் நடந்தால், அந்த இடமும் பதிவில் சேர்ந்திருக்க வேண்டும். அறிவித்த இடத்தில் தொழில் நடக்கவில்லை என்று துறை பதிவை முன்தேதியிட்டு ரத்து செய்யலாம். அப்போது நீங்கள் எடுத்த வரியும் கேள்விக்குள்ளாகும். லாரி ரசீது, இ-வே பில், எடைச் சீட்டு எல்லாம் கோப்பில் இருக்கட்டும். சரக்கு உண்மையில் வந்ததென்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் மீது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் எகாம் கில் காபி வழக்கில் சொன்னது. அது கர்நாடக வாட் சட்ட வழக்கு, ஆனால் ஜிஎஸ்டி நோட்டீஸ்களிலும் அதைக் காட்டுகிறார்கள்.

தொழில் உரிமத்தின் கதை வேறு. அது காலாவதியாகியிருந்தாலும் உங்கள் உள்ளீட்டு வரிக்குப் பாதிப்பில்லை. ஆபத்து, மாநகராட்சி பட்டறையை மூடினால் முன்பணம் உள்ளே சிக்குவதுதான். காலம் மார்ச் 31-உடன் முடிந்திருக்கிறதா, 'இரும்பு விற்பனை' என்று மட்டும் இருக்கிறதா, 'தயாரிப்பு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பித்த ரசீதைக் கேளுங்கள். எண்ணை மாநகராட்சி அலுவலகத்தில் காட்டிச் சரிபார்க்கலாம். தொழில் வரி கட்டிய ரசீதையும் உத்யம் சான்றையும் உரிமம் என்று நீட்டினால் ஏற்காதீர்கள்.

எல்லாம் சரியாக வந்தாலும் பாதி முன்பணம் அதிகம். 2 லட்சம் கொடுங்கள், சரக்கு இறங்கியதும் 6 லட்சம். வரியான 1,44,000-ஐ, பில் உங்கள் 2பி-யில் தெரிந்த பிறகு தருவதாக ஆர்டரிலேயே எழுதுங்கள். 2பி அடுத்த மாதம் 14-ஆம் தேதி வரும். காலாண்டுக்காரர் மாத நடுவே பில்லைப் பதிவேற்றாவிட்டால் மூன்று மாதமும் ஆகலாம், 180 நாளுக்குள் அடங்கிவிடும். அதன்பின் அவர் 3பி போடாமல் விட்டால், நிதியாண்டு முடிந்த அடுத்த செப்டம்பர் 30 வரை பார்த்துவிட்டு நவம்பர் 30-க்குள் நீங்கள் வரியைத் திருப்ப வேண்டும். அவர் பிறகு கட்டினால் மறுபடி எடுக்கலாம். வரியை வாங்கிக்கொண்டு கட்டாத விற்பனையாளரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் டி.ஒய். பீத்தல் வழக்கில் சொன்னது உண்மை. ஆனால் அதைச் சொல்லி வாதாடுவதற்கு ஆகும் செலவும் உங்களுடையது.