"அடுத்த வாரம் பாத்துக்கலாம் தம்பி": மீட்டிங்கைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கிற கிளையன்ட்டை எப்படிக் கையாள்றது?

உங்கள்ல பல பேர் வேலைக்குப் போய்க்கிட்டே சனி, ஞாயிறுல வெளி ஆளுக்கும் வேலை செஞ்சு தர்றீங்க. வெப்சைட், டிசைன், கணக்கு எழுதறதுன்னு ஏதோ ஒண்ணு. அதுல பணம் வராததைவிட அதிகமா நான் கேக்கிற புலம்பல், "கிளையன்ட் நேரமே தர மாட்டேங்கிறார் சார்"ங்கறதுதான். இதுல நானே சொதப்பி, அப்புறம் சரி பண்ணின ஒரு கதையைச் சொல்றேன். ஆள் யாருன்னு தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஆரணியில ஒரு பட்டு வியாபாரி. என்னைவிட இருபது வயசு மூத்தவர், நான் அண்ணான்னுதான் கூப்பிடுவேன். 2023-24 வருஷத்துல அவர் விற்பனை 2 கோடியே 40 லட்சம், அதுல ரொக்கமும் நிறைய. அதனால வரித் தணிக்கை கட்டாயம். அறிக்கை தாக்கல் பண்ணக் கடைசி நாள் 2024 செப்டம்பர் 30.

இந்தத் தேதியிலதான் ஆரணிக்கு ஒரு சிக்கல். ஆகஸ்ட் நடுவுல ஆவணி பொறந்துடும், கல்யாண முகூர்த்தம், கடையில கூட்டம். அது முடிஞ்சா தீபாவளிச் சரக்கு. அவர் உண்மையிலேயே பிஸிதான், பொய் சொல்லலை. இதைப் புரிஞ்சுக்காம ஒருத்தர்கிட்ட கறாரா பேசப் போனா சண்டைதான் வரும்.

முதல் சந்திப்பு ஆகஸ்ட் 21, புதன். காலையில போன்: "தம்பி, முகூர்த்தக் கூட்டம், அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" சரின்னேன். 28ஆம் தேதி ஜரிகை வியாபாரி வந்துட்டாராம். செப்டம்பர் 4, நானே கடைக்குப் போனேன். காபி வந்தது, அப்புறம் டிபன் வந்தது, அண்ணன் மட்டும் வரலை. ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டுத் திரும்பினேன்.

மூணு தடவையும் நான் சொன்ன பதில் ஒண்ணுதான்: "பரவாயில்லைண்ணா, எப்ப ஃப்ரீயோ சொல்லுங்க." மரியாதையான வார்த்தை மாதிரி இருக்கு இல்ல? ஆனா அவர் காதுல அது எப்படி விழும்? என் நாள்காட்டியை அவர் கையில குடுத்துட்டேன். தள்ளிப் போட்டா எதுவும் ஆகாதுன்னும் நானே சொல்லிட்டேன். தப்பு பாதி என் மேல.

அன்னைக்குச் சாயங்காலம் உக்காந்து ஒரே ஒரு கேள்வியை யோசிச்சேன்: இந்த வேலையில எதுக்கு அவர் நேர்ல வேணும்? பேங்க் ஸ்டேட்மென்ட், விற்பனை பில், ஜிஎஸ்டி எல்லாம் அவர் கணக்கரே குடுத்துடுவார். அவர் இல்லாம நடக்காதது சரக்கு இருப்பு. பட்டு வியாபாரத்துல சரக்கு கடையில மட்டும் இருக்காது. நெசவாளர் வீட்டுத் தறியில பாவும் ஊடையுமா பாதி நெய்த நிலையில இருக்கும். மார்ச் 31 அன்னைக்கு எந்தத் தறியில எவ்வளவு பட்டு இருந்ததுன்னு அவருக்குத்தான் தெரியும். தணிக்கைப் படிவம் 3CD-யில மூலப்பொருள், உற்பத்திச் சரக்கு ரெண்டுக்கும் அளவு கேக்குது. அதைக் குத்துமதிப்பாப் போட்டு நான் கையெழுத்துப் போட முடியாது.

ஆக, தேவை ரெண்டு மணி நேரம்தான். "கணக்கு பாக்கணும்"னு மொட்டையா சொன்னதால அவர் மனசுல அது ஒரு முழு நாள் வேலையா இருந்திருக்கு. அடுத்த நாள் காலையில அனுப்பின வாட்ஸ்அப் இது:

"அண்ணா, வணக்கம். ஆவணி முகூர்த்த நேரம்னு தெரியும். உங்க நேரம் எனக்கு ரெண்டு மணி நேரம் மட்டும் போதும், தறியில இருந்த சரக்குக் கணக்குக்காக. மத்தது கணக்கர்கிட்ட வாங்கிக்கறேன். செப்டம்பர் 11 புதன் அல்லது 16 திங்கள், கடை திறக்கறதுக்கு முன்னாடி காலை 7.30க்கு. எது வசதின்னு நாளைக்குள்ள சொல்லுங்க. 18ஆம் தேதிக்குள்ள உக்கார முடியலைன்னா 30க்குள்ள முடிச்சுத் தர என்னால ஆகாது. அப்படி ஆனா, வேற ஆடிட்டர்கிட்ட குடுக்க வசதியா பேப்பர் எல்லாம் தயாரா வெச்சுத் தர்றேன்."

இதுல "நீங்க இப்படிப் பண்றீங்க"ன்னு எங்கேயும் இல்லை, பாருங்க. என்னால எது முடியும், எது முடியாதுங்கறது மட்டும்தான் இருக்கு. அவரை வரவைக்க எனக்கு அதிகாரம் இல்லை. என் வேலையை நிறுத்திக்க அதிகாரம் இருக்கு. கடைசி வரியை எழுதறதுக்கு முன்னாடி, அவர் நிஜமாவே போயிட்டா அந்த ஃபீஸ் இல்லாம தாங்குமான்னும் கணக்குப் போட்டேன். தாங்காதுன்னா அந்த வரியை எழுதவே கூடாது. செய்யாத எச்சரிக்கை ஒரு தடவை வெளிப்பட்டுட்டா, அடுத்த தடவை யாரும் மதிக்க மாட்டாங்க.

அரை மணி நேரத்துல போன். "என்ன தம்பி, ஆறு வருஷப் பழக்கம், வேற ஆடிட்டர்கிட்ட போன்னு சொல்லிட்டீங்களே?" குரல்ல வருத்தம். இங்கதான் முக்காவாசிப் பேர் வழுக்கிடுவோம். "ஐயோ, அப்படி இல்லைண்ணா"ன்னு ஆரம்பிச்சா தேதியும் சேர்ந்து போயிடும். நான் சொன்னது: "பழக்கம் இருக்கறதாலதான் முன்கூட்டியே சொல்றேன்ணா. அறிக்கை தவறினா விற்பனையில அரை சதவீதம் அபராதம், உங்களுக்கு 1,20,000 ரூபாய் வரைக்கும் வரும். கடையில கூட்டம்னு காரணம் சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. 11ஆ, 16ஆ?" கொஞ்ச நேரம் அமைதி. "16 போடுங்க."

15ஆம் தேதி சாயங்காலம் ஒரு வரி நினைவூட்டல் அனுப்பினேன். 16 காலையில வந்தார். அப்பதான் நிஜக் காரணமே தெரிஞ்சது. பதினோரு தறியில ரெண்டு தறிக்காரங்க முன்பணம் வாங்கிட்டு, பட்டையும் திருப்பித் தராம வேற இடத்துக்குப் போயிட்டாங்க. அவர்கிட்ட நோட்டுல எழுத்தே இல்லை. அதைச் சொல்ல சங்கடம், அதான் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கார். ஒவ்வொரு தறியா குடுத்த எடை, வந்த சேலை எடைன்னு எழுதி ஒன்பதை நேர் பண்ணினோம். மீதி ரெண்டுக்கு நடந்ததை அப்படியே எழுதி அவர் கையெழுத்து வாங்கினேன். தள்ளிப் போடறவர் எல்லாரும் இப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணாவது தடவை தள்ளும்போது, "ஏதாவது விவரம் தயாராகலையாண்ணா? இருக்கறதோட வாங்க, சேர்ந்து பாப்போம்"னு நான் கேட்டிருந்தா ரெண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

26ஆம் தேதி வேலை முடிஞ்சது. 29ஆம் தேதி அரசு கடைசி நாளை அக்டோபர் 7க்கு நீட்டிச்சது. உடனே போன்: "பாத்தீங்களா, சும்மா அவசரப்படுத்தினீங்க!" சிரிச்சுட்டேன். நீட்டிப்பு வந்தது கெடுவுக்கு முதல் நாள். அதை நம்பி இருபது பேரோட ஃபைலைக் காத்திருக்க வைக்க முடியாதுன்னு சொன்னேன்.

உங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும் மாறும். நீங்க கம்பெனி சார்பா கிளையன்ட்டைப் பாக்கறவரா இருந்தா, கடைசித் தேதியை நீங்களா அறிவிக்காதீங்க. நடந்ததைத் தேதியோட மேனேஜருக்கு மெயில் போட்டு, அவர் சம்மதத்தோட எழுதுங்க. சொந்தமா வேலை எடுக்கறவங்க, ஆரம்பத்துலயே ஒப்புக்கொள்ளும் கடிதத்துல ரெண்டு வரி சேருங்க: சந்திப்பை மாத்தணும்னா முதல் நாளே சொல்லணும், கிளையன்ட் தாமதம் பண்ற நாளுக்கு ஏத்த மாதிரி வேலை முடியற தேதியும் தள்ளும். வீட்டுல சாவு, ஆஸ்பத்திரின்னா இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, அது வேற.

நான் அந்த வரிகளை அடுத்த வருஷக் கடிதத்துல சேர்த்தேன். அண்ணன் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லாம கையெழுத்துப் போட்டார். 2025ல ஒரே ஒரு தடவை தள்ளிப் போட்டார். முதல் நாள் சாயங்காலமே போன் வந்துடுச்சு, கூடவே தறி நோட்டோட போட்டோவும்.