ஒரு மணி நேரப் பேச்சை மூன்றாக்குவது: புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு

மல்லசமுத்திரத்தில் திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளையில் பருத்தி ஏலம் நடக்கும். பி.டி., சுரபி, கொட்டு என்று ரகம் பிரித்து மூட்டைகளை அடுக்கியிருப்பார்கள். அங்கே காத்திருக்கும் ஒரு விவசாயியிடம், பருத்தி எடுப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசிப் பதிவு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சில கிளிப், ஒரு பாட்காஸ்ட், ஒரு கட்டுரை எடுக்க வேண்டும். அதற்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

1. மூன்றையும் மனதில் வைத்துக் கேள்வி கேளுங்கள். பெரியவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி பஞ்சை எடுத்து, “இதாட்ட இருந்தா எவன் வாங்குவான்?” என்பார். பார்ப்பவருக்குப் புரியும், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. பேசி முடித்து வீட்டுக்கு வந்தபின் இதைச் சரிசெய்ய வழியில்லை. அந்த இடத்திலேயே, “எதைச் சொல்றீங்கய்யா, மஞ்சளடிச்சதையா, சருகு ஒட்டியிருக்கறதையா?” என்று கேளுங்கள். “சருகைத்தான் சொல்றனுங்க, காஞ்ச இலை பூராம் பஞ்சுல ஒட்டியிருக்குது பாருங்க” என்பார். அந்த ஒரு பதில் மூன்று வடிவத்துக்கும் உதவும். பதிலில் கேள்வியும் சேர்ந்து வரும்படி பேசச் சொல்லுங்கள். “ஆமாங்க” என்ற பதிலைத் தனியே வெட்டி எடுத்தால் எதற்கும் ஆகாது.

2. கேமராவை 4கே-யில் வையுங்கள். கிளிப் செங்குத்தாக நிற்க வேண்டும். நீங்கள் எடுப்பதோ அகலப் படம். 1920-க்கு 1080 அளவில் எடுத்த படத்தில் செங்குத்தாக ஒரு பட்டையை வெட்டினால் அகலம் 608 புள்ளிகூடத் தேறாது. அதை இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மங்கும். 3840-க்கு 2160 அளவில் எடுத்தால் 1215 புள்ளி அகலம் கிடைக்கும்; கிளிப்புக்கு வேண்டியது 1080தான். இன்னொன்று, நீங்களும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் பட்டைக்குள் இருவரும் அடங்க மாட்டீர்கள். அவரைச் சட்டத்தின் நடுவில் உட்கார வைத்து, நீங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்து பேசுங்கள்.

3. இடத்தின் சத்தத்தையும் பதியுங்கள். நம் பக்கம் எந்தத் தெருவில் உட்கார்ந்தாலும் எங்கோ ஒரு விசைத்தறி ஓடும். படத்தில் அது உறுத்தாது. காதில் ஹெட்போன் மாட்டியவருக்கு எரிச்சலாகிவிடும். அதனால் சட்டையில் மாட்டும் சின்ன மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்துங்கள். பேச்சு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிவை ஓடவிடுங்கள். பின்னால் ஒரு இருமலையோ செல்போன் மணியையோ நீக்கும்போது, அந்த இடைவெளியில் இந்த அரை நிமிடத்திலிருந்து ஒரு துண்டை வைத்தால் ஒட்டுப் போட்டது தெரியாது. வெறும் மௌனத்தை வைத்தால், தறிச் சத்தம் சட்டென்று நின்று மறுபடி தொடங்குவது காட்டிக்கொடுத்துவிடும்.

4. வெட்டும் முன் நோட்டுப் போடுங்கள். முழுப் பதிவையும் ஒருமுறை நிறுத்தாமல் கேட்டு, நிமிடத்தையும் பேசிய விஷயத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். பக்கத்தில் கிளிப்புக்கு ‘கி’, ஒலிக்கு ‘ஒ’, எழுத்துக்கு ‘எ’ என்று குறியுங்கள். அவர் தன் அப்பா காலத்துப் பருத்தியைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்ன கதை ‘ஒ’. அடியுரம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்ற கணக்கு ‘எ’; அதை யாரும் காதால் கேட்டு நினைவில் வைக்க முடியாது. ஒரே கேள்விக்கு ஒரே மூச்சில் வந்த முழுப் பதில் ‘கி’.

5. கிளிப்பில் நிபந்தனையை வெட்டாதீர்கள். இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும். நம் பெரியவர் 23-ஆவது நிமிடத்தில், “பருத்திய வெயிலேற முந்தி காலையில எடுத்துறோணும்” என்கிறார். சரிதான், காலை ஈரத்தில் காய்ந்த சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. ஆனால் இரண்டு நிமிடம் கழித்துத்தான், “அப்படியே மூட்டை கட்டிறக் கூடாதுங்க, நெழல்ல ஆறப்போடோணும்” என்கிறார். முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டிப் போட்டால் விறுவிறுப்பான கிளிப்தான். அதை நம்பி ஒருவர் ஈரப் பருத்தியை மூட்டை கட்டினால் பஞ்சு பழுத்துப்போகும், ஏலத்தில் விலை விழும். ஆகவே இரண்டையும் வெட்டி ஒட்டுங்கள். ஒட்டிய இடத்தில் படம் குதிப்பதை மறைக்க, நிழலில் பரப்பிய பருத்தியின் காட்சியை மேலே வையுங்கள். யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை அனுமதிக்கிறது; நிபந்தனைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. கணினியில் முதல் துண்டை வெட்ட இந்த ஒரு கட்டளை போதும்; இரண்டாவது துண்டுக்கு நேரத்தையும் கடைசிக் கோப்புப் பெயரையும் மாற்றுங்கள்:

```
ffmpeg -ss 00:23:10 -to 00:23:40 -i paruthi.mp4 -vf "crop=ih*9/16:ih,scale=1080:1920" clip1.mp4
```

6. பாட்காஸ்ட் என்பது படம் நீக்கிய வீடியோ அல்ல. முதலில் அரை நிமிடம் உங்கள் குரலில், யார், எந்த ஊர், எந்த மாதம், எதைப் பற்றி என்று புதிதாகப் பதிந்து சேருங்கள். கையால் காட்டிப் பேசிய இடம் தப்பியிருந்தால், நீக்குங்கள் அல்லது ஒரு வரி விளக்கம் சொல்லுங்கள். உங்கள் குரல் உரக்கவும் அவர் குரல் தணிந்தும் இருந்தால் முதலில் இரண்டையும் சமமாக்குங்கள். பேருந்தில் கேட்பவர் ஒவ்வொரு கேள்விக்கும் ஒலியைக் குறைத்துக் கூட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு மணி நேரப் பேச்சை மோனோவில் 64 கேபிபிஎஸ் எம்பி3-யாக வைத்தால் 29 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். குரல் மட்டுமே போதுமா என்று ஐயம் வேண்டாம். 1960-களில் ஆடுதுறை 27 நெல்லை வானொலி நிகழ்ச்சிகள் வழியே அறிந்து பயிரிட்டதால்தான் தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்தார்கள்.

7. கட்டுரையில் பேச்சின் வரிசையை விடுங்கள். அவர் எடுப்பில் தொடங்கி, விதைப்புக்குப் போய், விலையில் முடித்திருப்பார். எழுத்தில் விதைப்பு, எடுப்பு, உலர்த்தல், ரகம் பிரித்தல், ஏலம் என்று வேலையின் வரிசைக்கு மாற்றுங்கள். விவரிப்பு உங்கள் நடையில் இருக்கட்டும். அவர் பேச்சு வழக்கை மேற்கோளுக்குள் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் அப்படியே விடுங்கள். எண் வரும் இடத்திலெல்லாம் அவரிடம் திரும்பக் கேளுங்கள்: ஏக்கருக்கா, குவிண்டாலுக்கா, மூட்டைக்கா? பேச்சில் இது மூன்றும் கலந்து வரும். ஏல விலை குவிண்டால் கணக்கு, அதாவது 100 கிலோ. விலையை எங்கே எழுதினாலும் ஏல நாளையும் சேர்த்து எழுதுங்கள். கிளிப்பில் விலை வந்தால் தேதியைத் திரையிலேயே போடுங்கள்.

8. முழு வீடியோவை முதலில் ஏற்றுங்கள், கிளிப்பைப் பிறகு. ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கருத்துப் பகுதியிலும் போடும் இணைப்பு 2023 ஆகஸ்டுக்குப் பின் சொடுக்கினால் திறக்காது. ஏற்றும்போது முழு வீடியோவைத் தொடர்புடைய வீடியோவாகச் சேர்த்தால்தான் கிளிப் பார்த்தவர் அங்கே போய்ச் சேருவார்.

9. மூன்று வடிவத்துக்கும் தனித்தனியே அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரம் மனம்விட்டுப் பேசியவர், தன் முகம் ஒரு நிமிடத் துண்டாக ஊரெல்லாம் சுற்றும் என்று நினைத்திருக்க மாட்டார். வியாபாரிகளைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், அடுத்த ஏலத்திலும் அதே வியாபாரிகள் முன்தான் அவர் மூட்டையை இறக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கிளிப்பையும் ஏற்றும் முன் அவர் கையில் போனைக் கொடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்றால், எவ்வளவு நல்ல கிளிப்பானாலும் அழித்துவிடுங்கள்.