மாம்பழ மஞ்சள் மாறாதிருக்க: நிறத் திருத்தம் குறித்த நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் மா அறுவடைக் காலத்தில் ஒரு சிறு காணொளி எடுக்கப்படுவதாகக் கொள்வோம். தோப்பில் பெங்களூரா காய் பறிப்பது கேமராவிலும், கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்குள் நடப்பது கைப்பேசியிலும் பதிவாகின்றன. இரண்டையும் ஒட்டினால் தோப்பில் பசுமஞ்சளாகத் தெரிந்த அதே பழம் ஆலையில் வெளிறி நீலம் பாய்ந்து நிற்கும். தோப்பிலிருந்து ஆலைக்கு வந்த விவசாயியின் முகமும் வேறொருவர் முகம்போல மாறிவிடும். இதைச் சரிசெய்யும் வேலையைச் சுற்றிப் பல தவறான நம்பிக்கைகள் உண்டு.

நம்பிக்கை: எல்லாக் காட்சிகளுக்கும் ஒரே ஃபில்டரைப் போட்டால் நிறம் ஒன்றாகிவிடும்.

ஃபில்டர் எல்லாக் காட்சிகளையும் ஒரே அளவு நகர்த்துகிறது. முன்பு இருந்த வேறுபாடு அப்படியே தங்கும், சில நேரம் பெருகவும் செய்யும். எனவே முதலில் ஒவ்வொரு காட்சியையும் நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று பொருத்தி, அதன் பிறகே அழகுக்கான ஃபில்டரைப் போட வேண்டும். ஆலை முற்றத்தில் காலை வெயிலில் எடுத்த காட்சி நன்றாக இருந்தால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இணையாக்கலாம். ஒளியளவை முதலில் சரிசெய்வது நல்லது. கருமையும் வெளிச்சமும் பொருந்தாத இரு காட்சிகளில் நிறத்தை ஒப்பிட முயன்றால் கண் ஏமாறும்.

நம்பிக்கை: நீலம், மஞ்சள் இரண்டையும் சமப்படுத்தினால் வெள்ளைச் சமநிலை வந்துவிடும்.

நடுப்பகல் வெயில் ஏறத்தாழ 5600 கெல்வின். கடைகளில் கிடைக்கும் வெள்ளை எல்இடி குழல் விளக்குகள் பெரும்பாலும் 6500 கெல்வின். இந்த நீல-மஞ்சள் வேறுபாட்டை டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் Temp சரிசெய்யும். மாந்தோப்பின் சிக்கல் வேறு. இலைகளின் வழியே வரும் ஒளியும் இலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் முகத்தில் பச்சை பூசுகின்றன. மலிவான விளக்குகள் சிலவும் இதைச் செய்யும். Temp எவ்வளவு நகர்ந்தாலும் அந்தப் பச்சை போகாது. Tint-ஐ மெஜந்தா பக்கம் சிறிது நகர்த்த வேண்டும்.

எவ்வளவு என்பதைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பக்கம் பக்கமாகக் காட்டும் Parade வரைபடம் சொல்லும். ஆனால் தோப்புக் காட்சியில் பச்சை உயர்ந்திருப்பது பிழையல்ல, படம் நிறைய இலை இருக்கிறதே. ஆகவே படம் முழுவதையும் பார்க்காமல், படப்பிடிப்பின்போது ஓரிரு நொடி காட்டிய சாம்பல் நிற அட்டையை மட்டும் பார்த்து, அங்கே மூன்று நிறங்களும் ஒரே உயரத்துக்கு வரும்வரை திருத்த வேண்டும். அட்டை இல்லாதபோது பலர் வெள்ளை வேட்டியைச் சொடுக்குகிறார்கள். சொட்டு நீலம் போட்டு வெளுத்த வேட்டி உண்மையில் நீலச்சாயல் கொண்டது. அதை நடுநிலையாக்கினால் மற்றவையெல்லாம் மஞ்சளடிக்கும், பழமும் இருப்பதைவிடப் பழுத்ததாகத் தெரியும்.

நம்பிக்கை: முகத்தை வெளுப்பாக்குவதே நிறத் திருத்தம்.

கல்யாண வீடியோக்களில் வேரூன்றிய இந்தப் பழக்கம் மனிதரைச் சிறுமைப்படுத்துவது. தொழில் நோக்கிலும் பிழையானது. Vectorscope வரைபடத்தில் தோலுக்கென ஒரு கோடு உண்டு. கருத்த தோலோ சிவந்த தோலோ, நடுநிலை ஒளியில் எடுத்தால் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆட்களுக்கிடையே முக்கியமாக வேறுபடுவது ஒளியளவுதான். விவசாயியின் முகம் தோப்பிலும் ஆலையிலும் ஒரே கோட்டில், ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருந்தால் பார்ப்பவருக்கு அவர் ஒரே ஆளாகத் தெரிவார். ஒரு காட்சியில் மட்டும் வெளுக்க வைத்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும்.

நம்பிக்கை: எடுத்தது எப்படியிருந்தாலும் எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம்.

ஆலை வாசலருகே நிற்பவரின் ஒரு கன்னத்தில் வெயிலும் மறு கன்னத்தில் குழல் விளக்கும் விழுந்தால், படம் முழுக்கச் செய்யும் திருத்தம் ஒரு பக்கத்தைத்தான் காப்பாற்றும். மறுபக்கத்தை மறைப்பு வரைந்து தனியே திருத்தலாம், ஆனால் அவர் அசைந்தால் அதுவும் கூடவே நகர வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு எடுப்பது இதைவிட எளிது.

கைப்பேசி தானாகவே வெள்ளைச் சமநிலையை மாற்றிக்கொண்டே போனால் ஒரே காட்சிக்குள் நிறம் ஊசலாடும். எந்த ஒற்றைத் திருத்தமும் அதற்குப் பொருந்தாது. எனவே அந்த அமைப்பைப் படப்பிடிப்பிலேயே பூட்டிவிட வேண்டும். பழத்தின் பளபளப்பில் ஒளி எரிந்துபோன இடமும் மீளாது. Parade-இல் மூன்று நிறங்களும் உச்சியில் தட்டையாக முட்டி நின்றால் அங்கே நிறத் தகவலே பதியவில்லை என்று பொருள். Gain-ஐக் குறைத்தால் அந்த வெளிறல் சாம்பலாகுமே தவிர மஞ்சளாகாது. அந்தக் காட்சியை ஒளியளவைக் குறைத்து மறுபடி எடுப்பதே வழி.