ஒரு ஏக்கர் பருத்தி எங்க போச்சு? ரேடார் படத்தில் ஸ்பெக்கிளை வடிகட்டுவது எப்படி

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் சுற்றுவட்டாரத்துல எந்த நிலத்துல மக்காச்சோளம், எந்த நிலத்துல பருத்தின்னு சாட்டிலைட் படத்தை வச்சுப் பிரிக்கிறது. முதல் மேப் வந்தப்போ ரொம்ப சந்தோஷம். புள்ளி புள்ளியா இல்லாம, பெயின்ட் அடிச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. அதை பிரின்ட் எடுத்துட்டு ஊருக்குப் போனோம். ஒரு பெரியவர் உத்துப் பார்த்துட்டு, "தம்பி, இந்த இடத்துல என் பருத்தி ஒரு ஏக்கர் நிக்குது. நீங்க எல்லாத்தையும் சோளம்னு போட்டிருக்கீங்களே?" என்றார்.

கிளாசிஃபையரில் தப்பில்லை. அதுக்கு முன்னாடி போட்ட ஃபில்டர்தான் அவரோட பருத்தியை அழிச்சிருந்தது. அது எப்படின்னுதான் இந்தக் கட்டுரை.

ஸ்பெக்கிள் எங்கிருந்து வருது?

இங்க மானாவாரி விதைப்பு பெரும்பாலும் புரட்டாசி மழையை நம்பித்தான். பயிர் வளர்ற ஐப்பசி, கார்த்திகை மாசம் முழுக்க வானம் மேகமா இருக்கும். சாதாரண கேமரா படம் உதவாது. அதனாலதான் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரைஸ் (RIICE) திட்டத்துல நெல் பரப்பைக் கணக்கிட்டதும் இதே சாட்டிலைட் படங்களை வச்சுத்தான்.

ரேடார் அனுப்புற அலையோட நீளம் சுமார் 5.5 செ.மீ. ஒரு பிக்சலுக்குள்ள ஆயிரக்கணக்கான இலை, தண்டு, மண்கட்டி இருக்கும். ஒவ்வொண்ணுல இருந்தும் திரும்பி வர்ற அலைகள் சில இடத்துல ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வலுவாகும், சில இடத்துல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும். அதனால ஒரே மாதிரி வளர்ந்த சோளக் காட்டிலும் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒண்ணு பளிச்சுன்னும் ஒண்ணு கருப்பாவும் தெரியும். இதுதான் ஸ்பெக்கிள். சிக்னல் பெருசா இருந்தா இதுவும் பெருசா இருக்கும். அதாவது இது கூட்டல் இரைச்சல் இல்லை, பெருக்கல் இரைச்சல்.

அளவு எவ்வளவு? நாம டவுன்லோட் பண்ற GRD படத்துல `ENL` சுமார் 4.4. ஸ்பெக்கிளின் ஏற்ற இறக்கம் `Cu = 1/√4.4`, அதாவது சராசரியில் ஏறக்குறைய 48 சதவீதம். டெசிபலில் சொன்னா 2 dB-க்குக் கொஞ்சம் மேல. ரெண்டு பயிருக்கும் நடுவுல வித்தியாசமே அவ்வளவுதான் இருந்தா, தனி ஒரு பிக்சலை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஃபில்டர் கட்டாயம் வேணும்.

நாங்க பண்ண தப்பு

நாங்க போட்டது 7×7 பாக்ஸ்கார், அதாவது சுத்தியுள்ள 49 பிக்சலின் வெறும் சராசரி. ஒரு பிக்சல் 10 மீட்டர். அப்போ ஜன்னல் 70 மீட்டர். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தோட பக்கம் சுமார் 64 மீட்டர்தான். நிலத்தை விட ஜன்னல் பெருசு! பெரியவரோட நிலத்துக்கு நட்டநடுவுல இருக்கும் பிக்சலின் சராசரியிலும் பக்கத்து சோளம் கலந்துடுச்சு.

அந்தப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. சிமென்ட் ஆலை, சுண்ணாம்புக்கல் சுரங்கம்னு ரேடாரைப் பலமா திருப்பி அனுப்புற இடங்கள் நிலத்தை ஒட்டியே இருக்கு. ஒரு கணக்கு போடுவோம். நிலத்துப் பிக்சலின் மதிப்பு 0.04 (−14 dB), ஓரத்துல ஒரு இரும்புக் கூரையின் மதிப்பு 10 (+10 dB). 5×5 சராசரி எடுத்தா (24×0.04 + 10)/25 = 0.438, அதாவது −3.6 dB. ஒரே ஒரு பிக்சல், 24 நிலத்துப் பிக்சலையும் கட்டடம் மாதிரி ஆக்கிடுது.

லீ ஃபில்டர் என்ன பண்ணுது?

1980-ல் ஜாங்-சென் லீ கொடுத்த யோசனை எளிமையானது. ஜன்னலுக்குள்ள ஏற்ற இறக்கம் ஸ்பெக்கிள் அளவுக்குத்தான் இருந்தா சராசரி எடு. அதைவிட அதிகமா இருந்தா அங்க நிஜமாவே ஏதோ இருக்கு, கை வைக்காதே.

```
w = 1 - Cu²/Ci²
புதிய மதிப்பு = சராசரி + w × (பிக்சல் - சராசரி)
```

`Ci` என்பது ஜன்னலின் நியமவிலக்கத்தை அதன் சராசரியால் வகுத்தது. ஒரே சோளக் காட்டுக்குள்ள `Ci` 0.5-ன்னா, w = 0.09. கிட்டத்தட்ட முழு சராசரி. மேல சொன்ன கூரை ஜன்னல்ல `Ci` சுமார் 4.45, w = 0.99. பக்கத்து நிலத்துப் பிக்சல் 0.04-ல இருந்து 0.045-க்குத்தான் நகரும். நிலம் தப்பிச்சது. ஆனா அந்த ஓரத்துல ஸ்பெக்கிளும் அப்படியே தங்கிடும். வரப்பின் திசையைக் கண்டுபிடிச்சு, பிக்சல் இருக்கும் பக்கத்துல மட்டும் சராசரி எடுக்கிற ரீஃபைன்ட் லீ இந்தக் குறையைக் கொஞ்சம் சரி பண்ணுது.

இடத்துக்குப் பதிலா காலம்

நிலம் சின்னதுன்னா பக்கத்துப் பிக்சல்கிட்ட எவ்வளவுதான் கடன் வாங்குறது? அதே பிக்சலோட வேற தேதிகள்கிட்ட கேட்கலாம். சென்டினல்-1 ஒரே பாதையில் 12 நாளைக்கு ஒருமுறை வருது. செப்டம்பர் கடைசியில இருந்து ஜனவரி தொடக்கம் வரை 9 படம் கிடைக்கும். பல தேதி ஃபில்டர் ஒவ்வொரு படத்திலும் பிக்சலை அதன் சுற்றுவட்டாரச் சராசரியால் வகுக்கும். 9 விகிதத்துக்கும் சராசரி எடுத்து, அந்தந்த தேதியின் வட்டாரச் சராசரியால் திரும்பப் பெருக்கும். ஸ்பெக்கிள் தேதிக்குத் தேதி மாறுறதால அடங்கிடும். வரப்பு மாறாம நிக்கிறதால தங்கிடும்.

இதுக்கும் ஒரு எல்லை இருக்கு. பருத்தி முதல்ல பக்கத்து சோளத்தை விட மங்கலா இருந்து, அப்புறம் பளிச்சுன்னு மாறினா, விகிதச் சராசரியில் ரெண்டும் கழிஞ்சு வித்தியாசம் குறைஞ்சிடும். அந்த மாதிரி இடத்துல பருவத்தின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியா ஃபில்டர் பண்ணிப் பார்க்கணும்.

SNAP-ல இது `Radar > Speckle Filtering > Multi-temporal Speckle Filter`. எல்லாப் படமும் ஒரே பாதையில் எடுத்ததா, ஒண்ணு மேல ஒண்ணு சரியாப் பொருந்தினதா இருக்கணும். வரிசை முக்கியம்: முதல்ல `Calibration`, அடுத்து ஃபில்டர், அதுக்கப்புறம் `Terrain Correction`, கடைசியாத்தான் டெசிபல். டெசிபலுக்கு மாத்திட்டுச் சராசரி எடுத்தா என்ன ஆகும்? 0.01, 0.04 ரெண்டுக்கும் சராசரி 0.025, அதாவது −16 dB. டெசிபலில் −20, −14 சராசரி −17. ஒரு dB தானா காணாமப் போகுது.

ஃபில்டர் ஏமாத்துதான்னு எப்படித் தெரியும்?

மேப் அழகா இருக்கிறதை நம்பாதீங்க. எங்க துல்லியக் கணக்கும் நல்லாத்தான் வந்துச்சு, ஏன்னா சரிபார்க்க எடுத்த புள்ளிகள் எல்லாம் பெரிய நிலங்களின் நடுவுல இருந்தவை. நம்பகமான சோதனை ஒண்ணு இருக்கு. ஃபில்டருக்கு முன்னாடி இருந்த படத்தை, பின்னாடி வந்த படத்தால் வகுங்க. அதுல வெறும் பொரிப்பொரியான இரைச்சல் மட்டும் தெரியணும், சராசரி 1-க்குப் பக்கத்துல இருக்கணும். வரப்பு, ரோடு, நில வடிவம் ஏதாவது கண்ணுக்குத் தெரிஞ்சா, அதையெல்லாம் ஃபில்டர் இரைச்சல்னு நினைச்சுத் தூக்கி எறிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

எங்க 7×7 பாக்ஸ்கார் படத்துல இதைப் போட்டுப் பார்த்தோம். அந்தப் பெரியவரோட ஒரு ஏக்கர் அதுல நாலு பக்கமும் தெளிவா தெரிஞ்சது. பல தேதி ஃபில்டர் போட்டதும் அது மேப்புக்குத் திரும்பி வந்துச்சு. பக்கத்துல இருந்த அரை ஏக்கர் துண்டு மட்டும் இன்னும் பாதி சோளமாத்தான் நிக்குது. ரிப்போர்ட்ல அரை ஏக்கருக்குக் கீழ எங்க மேப்பை நம்ப வேண்டாம்னு எழுதிட்டோம்.