அக்காவின் அக்கவுண்டில் ஐந்து வரிகள்

அன்புள்ள மருமகனே,

"மாமா, அம்மா அக்கவுண்டில் யாரோ கை வைக்கிறார்கள்" என்று நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஐந்து தடவை பணம் கழிந்திருக்கிறது, ஐந்துக்கும் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறாய். எல்லாமே திருட்டாக இருக்க முடியுமாடா? அதோடு, படத்தின் மேல்பகுதியை வெட்டிவிட்டாய். யார் அனுப்பிய செய்தி என்பது அங்கேதானே இருக்கும்! வங்கியின் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான ஒரு பெயரிலிருந்து வரும். இப்போது அதன் கடைசியில் `-S` அல்லது `-T` என்று ஓர் எழுத்தும் நிற்கும். அது சரியாக இருந்தாலும், பாஸ்புக்கில் அதே வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

முதலில் 236 ரூபாய். வங்கி எந்தக் கட்டணம் எடுத்தாலும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். அதனால் அந்தத் தொகையை 1.18ஆல் வகுத்துப் பார். 236ஐ வகுத்தால் சரியாக 200 வருகிறது. ஏடிஎம் கார்டுக்கான வருடக் கட்டணம் இப்படித்தான் தெரியும். 17.70 கழிந்திருந்தால் அது 15, எஸ்எம்எஸ் கட்டணமாக இருக்கலாம். இப்படி முழு எண்ணாக முடிகிற தொகையைப் பார்த்துத் திருடன் என்று கத்தாதே. ஆனால் அக்காவுடையது ஜன்தன் கணக்கு என்றால் கார்டுக்கு வருடக் கட்டணமே கிடையாது. அப்போது அந்த 236ஐத் திருப்பிக் கேள்.

அடுத்து, மே மாதக் கடைசியில் போன 436ம் 20ம். "பக்கத்து வீட்டு அத்தைக்கு 12 ரூபாய்தானே பிடித்தார்கள்?" என்கிறாய். அது பழைய கதை. 2022 ஜூனிலிருந்து அரசின் விபத்துக் காப்பீட்டு பிரீமியம் 12லிருந்து 20 ஆனது, ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 330லிருந்து 436 ஆனது. இரண்டிலும் காப்பீட்டுத் தொகை தலா இரண்டு லட்சம். உன் அம்மா வேலை பார்ப்பது பட்டாசு ஆபீசில். அந்த 20 ரூபாயை நிறுத்தச் சொல்லி நீ எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் நேரில் வந்து காதைத் திருகியிருப்பேன். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பீடே விட்டுப்போகும். அதைப் பார்த்துக்கொள், வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் கேள்.

இனிதான் விஷயம். நீ கடைசியாக, ஏனோதானோ என்று வட்டம் போட்ட இரண்டு வரிகள்: செவ்வாய்க்கிழமை 11.42க்கு 2,000, 11.46க்கு மறுபடி 2,000. இரண்டிலும் `AEPS` என்று இருக்கிறது. ஆதார் எண்ணும் கைரேகையும் வைத்துப் பணம் எடுத்தது என்று அர்த்தம். "ஓடிபி வரவே இல்லையே, எப்படி ஏமாற்ற முடியும்?" என்று கேட்பாய். கைரேகை வைத்தால் ஓடிபியே தேவையில்லை, அதுதான் ஆபத்து.

அக்காவிடம் கேட்டேன். கைரேகை மிஷின் வைத்திருப்பவரிடம்தான் எடுத்தாளாம். "ரேகை விழவில்லை, இன்னொரு தரம் வைங்க" என்றாராம். வைத்தாள். கையில் வந்தது இரண்டாயிரம்தான். பட்டாசு மருந்திலேயே புழங்குகிற விரல்களில் ரேகை தேய்ந்திருப்பது உண்மை, முதல் தடவை விழாமலும் போகலாம். ஆனால் விழாத ரேகைக்குப் பணம் கழியாது. நடுவில் ஏதோ கோளாறு என்றால் கழிந்த பணம் தானாகத் திரும்பி, பாஸ்புக்கில் வரவாகத் தெரியும். இன்று காலை வரை அப்படி ஒரு வரவும் இல்லை.

"இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமே" என்றுதானே யோசிக்கிறாய்? பொறுக்காதே. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ல் போட்ட உத்தரவின்படி, வங்கியின் மேலும் நம் மேலும் தவறில்லாத மோசடியை, செய்தி வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நஷ்டம் நம் தலையில் விழாது. ஏழு வேலை நாள் வரை இழுத்தால் ஒரு பங்கை நாம் சுமக்க நேரும். செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு வெள்ளிக்கிழமை கெடு. புகாரில் "பணம் போய்விட்டது" என்று மட்டும் எழுதாதே. "ஒரு தடவை எடுக்கத்தான் சம்மதித்தார், ரேகை விழவில்லை என்று சொல்லி இரண்டாம் தடவை வைக்கச் சொன்னார்கள், பணம் ஒரு தடவைதான் தந்தார்கள்" என்று நேரத்தோடு எழுது. "அவங்களே விரல் வைத்தார்களே" என்று கிளையில் கேட்டால் அதற்கு இதுதான் பதில்.

1930க்கும் இன்றே போன் போடு. வங்கியைக் கூப்பிடுவதானால் பாஸ்புக்கில் அச்சடித்த எண்ணைப் பார்த்துக் கூப்பிடு, செய்திக்குள் இருக்கும் எண்ணை அல்ல. ஆதார் தளத்தில் அக்காவின் கைரேகையைப் பூட்டி வை. பணம் எடுக்கும் அன்று மட்டும் திறந்தால் போதும்.

புகார் எண் கிடைத்ததும் எனக்குப் படம் அனுப்பு. குடும்ப குரூப்பில் போடாமல் எனக்கு மட்டும், மேல்பகுதியை வெட்டாமல்.

அன்புடன்,
மாமா