மூன்று விதிகள், இரண்டு வரிசைகள்

தரவுத்தள வடிவமைப்புப் பாடத்தில் ‘ஆம்ஸ்ட்ராங் விதிகள்’ வழக்கமாக ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். தற்சுட்டு, சேர்ப்பு, கடப்பு என்று மூன்று வரிகள். கீழே ‘இவை பிழையற்றவை, முழுமையானவை’ என்று ஒரு குறிப்பு. மாணவர்கள் விதிகளை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தக் குறிப்பைச் சுற்றித்தான் தவறான நம்பிக்கைகள் வளர்கின்றன. வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1974-இல் வெளியிட்ட கட்டுரையின் பலம் அந்தக் குறிப்பில் இருக்கிறது என்பதால் அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நூலகத்தின் இரவல் பதிவேடு. அதில் ஆறு புலங்கள்: நூற்படியின் எண் N, ஐ.எஸ்.பி.என். எண் I, தலைப்பு T, பதிப்பகம் P, இரவல் நாள் D, உறுப்பினர் எண் M. நூலகம் மூன்று சார்புகளை விதித்திருக்கிறது. N → I: படி எண் தெரிந்தால் ஐ.எஸ்.பி.என். உறுதி. I → TP: ஐ.எஸ்.பி.என். தெரிந்தால் தலைப்பும் பதிப்பகமும் உறுதி. ND → M: ஒரு படியை ஒரு நாளில் ஒருவருக்கே கொடுப்பார்கள். பொதுவாகச் சொன்னால், X → Y என்பதன் பொருள் இதுதான்: எந்த இரண்டு வரிசைகள் X-இல் ஒத்துப்போகின்றனவோ அவை Y-இலும் ஒத்துப்போக வேண்டும்.

நம்பிக்கை 1: அட்டவணையில் இருக்கும் தரவைப் பார்த்தாலே சார்புகள் தெரிந்துவிடும்.

தரவு ஒரு சார்பைப் பொய்யாக்கலாம்; அதை நிலைநாட்ட முடியாது. இந்த நூலகத்தில் இன்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரே படிதான் இருக்கிறது என்று கொள்வோம். பதிவேட்டைச் சோதித்தால் ID → M பொருந்துவதாகத் தோன்றும்: ஒரு நூல், ஒரு நாள், ஓர் உறுப்பினர். நாளை இரண்டாவது படி வாங்கி, இரண்டையும் ஒரே நாளில் இருவருக்குக் கொடுத்தால் அது உடைந்துவிடும். ஆக, சார்பு என்பது இன்றைய வரிசைகளின் வர்ணனை அல்ல. அனுமதிக்கப்படும் எல்லா நிலைகளுக்கும் போடப்படும் கட்டுப்பாடு. விதிகளிடம் நாம் கேட்கும் கேள்வியும் இதையொட்டியதே. ‘இந்த அட்டவணையில் X → Y பொருந்துகிறதா?’ என்று கேட்பதில்லை. ‘கொடுத்த சார்புகளை மதிக்கும் ஒவ்வோர் அட்டவணையிலும் X → Y பொருந்தியே தீருமா?’ என்று கேட்கிறோம். சாத்தியமான அட்டவணைகளுக்குக் கணக்கில்லை. அவற்றையெல்லாம் சோதிக்காமல் காகிதத்தில் சில வரிகள் எழுதியே விடை காண முடியுமா என்பதுதான் இங்கே சிக்கல்.

நம்பிக்கை 2: இந்த விதிகள் அடிப்படை உண்மைகள், அவற்றுக்கு நிரூபணம் தேவையில்லை.

‘ஆக்சியம்’ என்று பெயர் இருப்பதால் வந்த எண்ணம் இது. மூன்றையும் சார்பின் வரையறையிலிருந்தே நிரூபிக்கலாம். தற்சுட்டு விதி: Y என்பது X-இன் பகுதியானால் X → Y. X முழுவதிலும் ஒத்துப்போகும் இரண்டு வரிசைகள் அதன் பகுதியிலும் ஒத்துத்தான் போகும். சேர்ப்பு விதி: X → Y இருந்தால் XZ → YZ. XZ-இல் ஒத்துப்போகும் வரிசைகள் X-இல் ஒத்துப்போவதால் Y-இலும் ஒத்துப்போகின்றன. Z-இல் ஏற்கெனவே ஒத்திருக்கின்றன. கடப்பு விதி: X → Y, Y → Z இரண்டும் இருந்தால் X → Z. ஒத்துப்போதல் X-இலிருந்து Y-க்கும், Y-இலிருந்து Z-க்கும் செல்கிறது. பிழையின்மை என்பது இவ்வளவுதான்: உண்மையான சார்புகளிலிருந்து இந்த விதிகள் பொய்யான சார்பைத் தராது. தொடக்கச் சார்பே தவறாக இருந்தால் அதற்கு விதிகள் பொறுப்பல்ல. ஒரு பதிப்பகம் பழைய ஐ.எஸ்.பி.என். எண்ணையே வேறொரு நூலுக்கும் போட்டுவிட்டால், I → TP-யும் அதைச் சார்ந்து வருவித்தவையும் சேர்ந்தே விழும்.

இவ்வளவு எளிதான ஒன்றை ஏன் நிரூபிக்க வேண்டும் என்று கேட்கலாம். வரையறையைச் சற்று அசைத்தாலே விடை தெரியும். 1950-இல் அச்சான நூலுக்கு ஐ.எஸ்.பி.என். இல்லை, அந்தப் புலத்தில் NULL இருக்கும். ‘இடப்பக்கத்தில் NULL உள்ள வரிசைகளுக்குச் சார்பு எதையும் வற்புறுத்தாது, வலப்பக்கத்தில் இரண்டு NULL ஒத்தவையாகக் கொள்ளப்படும்’ என்று வரையறுப்போம். இப்போது அந்த நூலின் ஒரே படி இரண்டு நாள்களில் இரவல் போகிறது; தலைப்பை ஒரு முறை ஒரு விதமாகவும் மறுமுறை வேறு விதமாகவும் பதிந்துவிடுகிறார்கள். N → I பொருந்துகிறது, இரண்டிலும் I-இன் மதிப்பு NULL. I → T-யும் மீறப்படவில்லை, ஏனெனில் I-இல் NULL இருப்பதால் அது எதையும் கேட்கவில்லை. ஆனால் N → T உடைந்துவிட்டது. கடப்பு விதி பொய்த்துப்போகிறது. தற்சுட்டும் சேர்ப்பும் மட்டும் தப்பிக்கின்றன. பாடநூலின் ‘பிழையற்றவை’ என்ற சொல் NULL இல்லாத அட்டவணைகளைப் பற்றியது.

நம்பிக்கை 3: மூன்று விதிகள் போதாது, இணைப்பு விதி, பிரிப்பு விதி போன்றவையும் தேவை.

கூடுதல் விதிகள் வசதிக்காக வைத்திருப்பவை. X → Y, X → Z இரண்டிலிருந்தும் X → YZ பெறுவதுதான் இணைப்பு விதி. நம் நூலகத்தில் ND → TM என்பதை வருவித்துப் பார்த்தால் அந்த விதி எங்கிருந்து பிறக்கிறது என்பது தெரியும்.

```
1. N   → I      கொடுத்தது
2. I   → TP     கொடுத்தது
3. TP  → T      தற்சுட்டு
4. I   → T      2, 3, கடப்பு
5. N   → T      1, 4, கடப்பு
6. ND  → TD     5, சேர்ப்பு (D)
7. ND  → NTD    6, சேர்ப்பு (N)
8. ND  → M      கொடுத்தது
9. NTD → TM     8, சேர்ப்பு (T)
10. ND → TM     7, 9, கடப்பு
```

6 முதல் 10 வரையுள்ள வரிகள்தான் இணைப்பு விதியின் உள்ளுடல். பிரிப்பு விதி, 3-ஆம் 4-ஆம் வரிகளில் நடந்ததேதான். மூன்றில் ஒன்றைக் கைவிட்டால் மற்ற இரண்டும் அந்த இடத்தை நிரப்புவதில்லை. எந்தச் சார்பும் கொடுக்கப்படாத அட்டவணையிலும் XY → X உண்மை. தற்சுட்டு இல்லையென்றால் அதைத் தொடங்கக்கூட வழியில்லை.

நம்பிக்கை 4: ஒன்றை வருவிக்க முடியவில்லை என்றால், நமக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்றுதான் பொருள்.

முழுமை மறுப்பது இந்த நம்பிக்கையைத்தான். கொடுத்தவற்றால் கட்டாயமாகும் எந்தச் சார்பையும் மூன்று விதிகளால் வருவிக்கலாம் என்பது அதன் கூற்று. அதையே திருப்பிச் சொன்னால், வருவிக்க முடியாத ஒவ்வொரு சார்புக்கும் அதை உடைக்கும் அட்டவணை ஒன்று உண்டு. அதற்கு இரண்டே வரிசைகள் போதும்.

முதல் நம்பிக்கையில் பார்த்த ID → M-ஐ எடுத்துக்கொள்வோம். ID-யிலிருந்து தொடங்கி, வருவிக்கக்கூடிய புலங்களை எல்லாம் சேர்க்கிறோம். I இருப்பதால் T, P வருகின்றன. N இல்லாததால் N → I-யும் ND → M-உம் பயன்படவில்லை. பட்டியல் I, D, T, P என்பதோடு நிற்கிறது. இதை ID-யின் அடைவு என்போம். இப்போது அடைவில் உள்ள புலங்களில் ஒத்தும், மற்றவற்றில் வேறுபட்டும் நிற்கும் இரண்டு வரிசைகளை எழுதுவோம்.

```
I  D  T  P  |  N  M
1  1  1  1  |  1  1
1  1  1  1  |  0  0
```

N → I-யும் ND → M-உம் மீறப்படவில்லை, ஏனெனில் வரிசைகள் N-இல் வேறுபடுகின்றன. I → TP பொருந்துகிறது. மூன்று கட்டுப்பாடுகளையும் மதிக்கும் இந்த அட்டவணையில் ID → M உடைகிறது. ஒரே நூலின் இரண்டு படிகளை ஒரே நாளில் இருவர் எடுத்துச் செல்வதுதான் இந்த இரண்டு வரிசைகள். நிரூபணத்துக்காகக் கட்டிய அட்டவணை நூலகத்தில் நிஜமாக நடக்கக்கூடிய நிகழ்வாகவே அமைந்துவிட்டது.

இது இந்த ஒரு சார்புக்கு மட்டும் வாய்த்த நற்பேறு அல்ல. X-இன் அடைவுக்கு இதேபோல இரண்டு வரிசைகள் எழுதினால், கொடுத்த சார்பு V → W எதுவும் உடையாது. V-இல் ஒரு புலமாவது அடைவுக்கு வெளியே இருந்தால், வரிசைகள் அதில் வேறுபடுவதால் சார்பு எதையும் கேட்காது. V முழுவதும் அடைவுக்குள் இருந்தால், X → V-ஐ வருவிக்கலாம். கடப்பு விதிப்படி X → W-ஐயும் வருவிக்கலாம். ஆகவே W-உம் அடைவுக்குள்தான் இருக்கும், அங்கே வரிசைகள் ஒத்திருக்கின்றன. மறுபுறம், Y-இல் ஒரு புலமாவது அடைவுக்கு வெளியே இருந்தால் X → Y இந்த அட்டவணையில் உடைந்தே தீரும். X → Y எல்லா அட்டவணைகளிலும் கட்டாயம் என்றால் Y முழுவதும் அடைவுக்குள் இருக்க வேண்டும். அதாவது அதை வருவிக்க முடியும். நிரூபணம் இவ்வளவே.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம்: ‘அந்த இரண்டு வரிசைகள் எங்கள் நூலகத்தில் நடக்கவே நடக்காது, எந்த நூலுக்கும் இரண்டாம் படி வாங்குவதில்லை என்பது எங்கள் கொள்கை.’ அப்படியானால் I → N என்ற சார்பைக் கொடுத்தவற்றில் எழுத வேண்டும். எழுதியதும் ID-யின் அடைவில் N வரும், அதைத் தொடர்ந்து M-உம் வரும். ID → M வருவிக்கப்பட்டுவிடும். எழுதாமல் மனத்தில் வைத்திருக்கும் கொள்கை விதிகளுக்குத் தெரியாது. இரண்டு வரிசைகள் அபத்தமாகத் தோன்றினால், ஏதோவொரு கட்டுப்பாட்டை எழுத விட்டுவிட்டோம் என்று பொருள்.

இந்த ஆட்சேபத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. சார்பாக எழுத முடியாத கட்டுப்பாடுகளும் உண்டு. ஒரு புலத்துக்கு ஒரே மதிப்புதான் அனுமதி என்றால், அதில் வேறுபடும் இரண்டு வரிசைகளை எழுதவே முடியாது; ஒவ்வொரு புலத்துக்கும் இரண்டு மதிப்புகளாவது உண்டு என்பது நிரூபணத்தின் மறைமுக அனுமானம். இன்னும் பெரிய எல்லை, ‘இந்தப் புலத்தின் மதிப்புகள் அந்த அட்டவணையில் இருக்க வேண்டும்’ என்ற உள்ளடக்கச் சார்புகளைச் சேர்க்கும்போது வருகிறது. இரண்டு வகையும் கலந்த நிலையில் எது எதிலிருந்து பின்தொடரும் என்பதை எப்போதும் தீர்மானிக்கும் செயல்முறை எதுவும் இருக்க முடியாது என்பது 1980-களில் நிரூபிக்கப்பட்டது. ஆம்ஸ்ட்ராங்கின் முழுமை X → Y என்ற ஒரு வகைச் சார்புகளுக்கு மட்டும் கிடைத்த முழுமை.

எனவே ஒரு வடிவமைப்பில் X → Y உண்டா என்ற சந்தேகம் வந்தால், விதிகளை எந்த வரிசையில் பிரயோகிப்பது என்று தடுமாற வேண்டாம். X-இன் அடைவைக் கணக்கிடுங்கள். Y அதற்குள் இருந்தால் சார்பு கட்டாயம். இல்லையென்றால் அந்த இரண்டு வரிசைகளை எழுதி, தொழிலை அறிந்தவரிடம் காட்டி, ‘இது நடக்குமா?’ என்று கேளுங்கள். ‘நடக்கும்’ என்றால் அந்தச் சார்பை மறந்துவிடுங்கள்; ‘நடக்காது’ என்றால் விடுபட்ட கட்டுப்பாட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.